மொத்தமாகக் கட்டுவதா, தவணையாகவா: மாதத் தவணைகளின் இன்றைய மதிப்பைக் கணக்கிடும் வழி

ஒரு பொருளின் விலை 1,12,800. வட்டி கிடையாது, மாதம் 4,700 வீதம் 24 மாதங்களில் கட்டி முடிக்கலாம் என்கிறார் விற்பவர். இன்றே முழுப் பணத்தையும் கொடுத்தால் 12,800 தள்ளுபடி செய்து 1,00,000க்குத் தருவதாகவும் சொல்கிறார். உங்கள் சேமிப்பில் ஒரு லட்சம் இருக்கிறது. எதைத் தேர்ந்தெடுப்பது?

பலரும் இரண்டில் ஒரு பதிலைச் சொல்வார்கள். “வட்டியே இல்லையே, ஏன் மொத்தப் பணத்தையும் இப்போதே இழக்க வேண்டும்?” என்பது ஒன்று. “12,800 மிச்சம், ரொக்கமாகவே கொடுத்துவிடு” என்பது இன்னொன்று. இரண்டுமே கணக்கைத் தொடாத பதில்கள். முதல் பதில் தள்ளுபடியை மறந்துவிடுகிறது. இரண்டாவது பதில், அந்த ஒரு லட்சம் இரண்டு ஆண்டுகள் உங்கள் கையில் இருந்தால் எதையாவது ஈட்டியிருக்கும் என்பதை மறந்துவிடுகிறது.

நாணயம் எதுவானாலும், எண்கள் எவ்வளவு பெரிதானாலும் கணக்கு ஒன்றுதான். இந்த ஓர் உதாரணத்தையே கடைசிவரை கொண்டு செல்கிறேன். உங்களுக்கு வந்திருக்கும் எண்களை அதே இடங்களில் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

படி 1: எந்தப் பணம் எந்த நாளில் என்று எழுதுங்கள்

ஒரு தாளில் கோடு இழுத்து, இடது ஓரத்தில் 0 என்று எழுதுங்கள். அதுதான் இன்று. அதன்பின் 1, 2, 3 என்று 24 வரை மாதங்கள். ரொக்க வழியில் 0க்கு மேல் 1,00,000 என்று எழுதுங்கள். தவணை வழியில் 1 முதல் 24 வரை ஒவ்வொன்றின் மேலும் 4,700.

பள்ளிக்கூட வேலை போலத் தோன்றும். ஆனால் இந்தக் கணக்கில் நான் பார்த்த தவறுகளில் பெரும்பகுதி வகுத்தல் பெருக்கலில் வந்தவை அல்ல, இந்தக் கோட்டைப் போடாததால் வந்தவை. குறிப்பாக, முதல் தவணை இன்றா, ஒரு மாதம் கழித்தா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் எழுத வேண்டும். “மாதா மாதம் 4,700” என்ற வாக்கியத்தில் அதற்குப் பதில் இல்லை. இப்போதைக்கு ஒரு மாதம் கழித்து என்றே வைத்துக்கொள்வோம். இன்றே என்றால் என்ன ஆகும் என்பதைப் பிறகு பார்ப்போம்.

தவணைக்கு மட்டும் உள்ள செலவுகளும் அந்தந்த நாளின் மேல் ஏற வேண்டும். ப்ராசஸிங் கட்டணம் இன்றே வாங்குவார்கள் என்றால் அது 0க்கு மேல். இரண்டு வழிக்கும் பொதுவான செலவை எழுத வேண்டியதில்லை. அது முடிவை மாற்றாது.

படி 2: உங்கள் வட்டி விகிதத்தைக் கண்டுபிடியுங்கள்

கணக்கு முழுவதும் இந்த ஓர் எண்ணின் மேல்தான் நிற்கிறது. இதைத் தவறாக எடுத்தால் பின்னால் எவ்வளவு துல்லியமாகப் போட்டாலும் பயனில்லை.

கேட்க வேண்டிய கேள்வி இது: தவணை வழியில் போனால் அந்த ஒரு லட்சம் என் கையில் இருக்கும். அது அங்கே என்ன செய்யும்? அதற்கான நேர்மையான பதில்தான் உங்கள் விகிதம். விற்பவரின் விகிதமோ பக்கத்து வீட்டுக்காரரின் விகிதமோ இங்கே வேலைக்கு ஆகாது.

பணம் வைப்புக் கணக்கில் இருக்கப்போகிறது என்றால் அந்த வைப்பின் வட்டி, அதிலும் வரி போக உங்களுக்கு மிஞ்சுவது. 7.5 சதவீதம் தரும் வைப்பில், வட்டியில் ஐந்தில் ஒரு பங்கு வரியாகப் போகிறது என்றால் உங்களுக்கு வருவது 6 சதவீதம்தான். உதாரணத்துக்கு இந்த 6ஐயே எடுத்துக்கொள்வோம்.

ஏற்கெனவே ஒரு கடன் ஓடிக்கொண்டிருக்கிறது, கையில் இருக்கும் ஒரு லட்சத்தால் அதை அடைக்கலாம் என்றால் உங்கள் விகிதம் அந்தக் கடனின் வட்டி. 18 சதவீதக் கடனை வைத்துக்கொண்டு 6 சதவீதத்தில் கணக்குப் போடுவது தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்வது. கையில் ஒரு லட்சமே இல்லை, ரொக்கமாகக் கட்ட வெளியே வாங்கித்தான் ஆக வேண்டும் என்றாலும் இப்படியே. அந்தக் கடன் எந்த வட்டிக்குக் கிடைக்குமோ அதுதான் விகிதம்.

விலைவாசி உயர்வை இந்த விகிதத்தோடு கூட்டலாமா என்று சிலர் கேட்பார்கள். கூடாது. வைப்பு வட்டியும் கடன் வட்டியும் விலைவாசி உயர்வை உள்ளடக்கித்தான் சந்தையில் நிற்கின்றன. தவணைத் தொகையும் 4,700 என்று எண்ணிக்கையில் உறைந்து நிற்கிறது. மறுபடி கூட்டினால் ஒரே விஷயத்தை இரண்டு முறை எண்ணியதாகும். தவணை உள்ளதைவிட மலிவாகத் தெரியும்.

ஆண்டு விகிதத்தை மாத விகிதமாக்க வேண்டும். மாதா மாதம் வட்டி சேரும் கணக்கில் 6 சதவீதம் என்றால் 12ஆல் வகுத்தால் போதும்: மாதம் 0.5 சதவீதம், அதாவது 0.005. ஆண்டு முடிவில்தான் 6 சதவீதம் சேரும் என்றால் மாத விகிதம் சற்றுக் குறைந்து 0.487 ஆகும். இந்த வேறுபாடு நம் முடிவை அசைக்காது, 0.5ஐயே வைத்துக்கொள்வோம்.

படி 3: ஒரே ஒரு தவணையை இன்றைக்குக் கொண்டு வாருங்கள்

ஒரு மாதம் கழித்து 4,700 கட்ட வேண்டும். அதற்காக இன்று எவ்வளவு எடுத்து வைத்தால் போதும்? வைத்த பணம் ஒரு மாதத்தில் 1.005 மடங்காகும். ஆகவே 4,700ஐ 1.005ஆல் வகுக்க வேண்டும். விடை 4,677. அதுதான் முதல் தவணையின் இன்றைய மதிப்பு.

இரண்டாம் தவணையை 1.005ஆல் இரண்டு முறை வகுக்க வேண்டும், பன்னிரண்டாவதைப் பன்னிரண்டு முறை. பன்னிரண்டாம் தவணையின் இன்றைய மதிப்பு 4,427. இருபத்து நான்காம் தவணையின் மதிப்பு 4,170. அத்தனை 4,700களும் தாளில் ஒன்றுபோல் தெரிந்தாலும், இன்று எடுத்து வைக்க வேண்டிய பணம் தவணைக்குத் தவணை குறைந்துகொண்டே போகிறது. இருபத்து நான்கையும் கூட்டினால் தவணைத் திட்டத்தின் இன்றைய மதிப்பு கிடைத்துவிடும்.

கூட்டலாம்தான். ஆனால் 24 முறை வகுத்துக் கூட்டும் பொறுமை எனக்குக் கிடையாது. குறுக்கு வழி இருக்கிறது, அதுவும் மனப்பாடம் செய்யாமலே புரிந்துகொள்ளக்கூடியது.

படி 4: குறுக்கு வழி

மாதம் 0.5 சதவீதம் தரும் வைப்பிலிருந்து, முதலைத் தொடாமல் வட்டியை மட்டும் எடுத்து மாதம் 4,700 கட்ட வேண்டும் என்றால் முதல் எவ்வளவு வேண்டும்? 4,700 ÷ 0.005 = 9,40,000. இந்தப் பணம் 24 மாதம் மட்டுமல்ல, முடிவே இல்லாமல் மாதம் 4,700 கொடுத்துக்கொண்டிருக்கும்.

நமக்கு அவ்வளவு நீளம் தேவையில்லை. 24 மாதத்தில் வேலை முடிந்துவிடும். அன்று அந்த 9,40,000 முதல் அப்படியே திரும்பக் கையில் இருக்கும். அப்படியானால் தவணைகளுக்காக உண்மையில் செலவானது எவ்வளவு? இன்று போட்ட 9,40,000இலிருந்து, 24 மாதம் கழித்துத் திரும்பி வரும் 9,40,000இன் இன்றைய மதிப்பைக் கழித்தால் வருவது.

1.005ஐ 24 முறை பெருக்கினால் 1.12716. சாதாரணக் கால்குலேட்டரிலும் இது எளிது: 1.005ஐ மூன்று முறை பெருக்கினால் 1.015075. அதை அதே எண்ணால் பெருக்கினால் ஆறு மாதத்துக்கான எண், அதையும் அப்படியே செய்தால் பன்னிரண்டு, இன்னொரு முறை செய்தால் இருபத்து நான்கு. இப்போது 9,40,000 ÷ 1.12716 என்றால் ஏறக்குறைய 8,33,955. கழித்தால்:

```
9,40,000 − 8,33,955 = 1,06,045
```

தவணைத் திட்டத்தின் இன்றைய மதிப்பு 1,06,045. புத்தகங்களில் வரும் சூத்திரம் இதே கழித்தலைத்தான் சுருக்கி எழுதுகிறது. PV இன்றைய மதிப்பு, P தவணை, r மாத விகிதம், n மாதங்களின் எண்ணிக்கை:

```
PV = P × (1 − (1 + r)^(−n)) ÷ r
```

P தவிர்த்த மிச்சப் பகுதியைக் காரணி என்று தனியே வைத்துக்கொள்ளலாம். 0.5 சதவீதம், 24 மாதம் என்றால் காரணி 22.563. 24 தவணைகளும் சேர்ந்து இன்றைய 22.56 தவணைகளுக்குச் சமம் என்று அதைப் படிக்கலாம். கால்குலேட்டர் இல்லாத காலத்தில் இந்தக் காரணிகளை அட்டவணையாகப் போட்டு வைத்திருந்தார்கள். வணிகர்கள் அவற்றைத் தொழில் ரகசியமாகப் பொத்தி வைத்திருந்த நாளில், சைமன் ஸ்டெவின் என்ற கணித அறிஞர் 1582இல் வட்டி அட்டவணைகளை அச்சிட்டு எல்லோர் கைக்கும் எட்டச் செய்தார். இன்று எக்செலிலோ கூகுள் ஷீட்ஸிலோ ஒரு வரி போதும்:

```
=PV(0.005, 24, -4700)
```

4,700க்கு முன்னால் உள்ள கழித்தல் குறி, அது கையைவிட்டுப் போகும் பணம் என்பதற்கு. குறியை விட்டுவிட்டால் விடை கழித்தல் குறியோடு வரும். எண் மாறாது, பதற வேண்டாம்.

படி 5: ஒப்பிடுங்கள்

ரொக்க வழியின் இன்றைய மதிப்பு 1,00,000. தவணை வழியின் இன்றைய மதிப்பு 1,06,045. 6 சதவீதம்தான் உங்கள் விகிதம் என்றால் ரொக்கமே மலிவு, இன்றைய பணத்தில் 6,045 அளவுக்கு. 12,800 மிச்சம் என்று தோன்றியதில் ஏறக்குறைய பாதிதான் உண்மையான மிச்சம். மீதிப் பாதி, ஒரு லட்சம் கையில் இருந்திருந்தால் வைப்பில் சம்பாதித்திருக்கும் தொகை.

சூத்திரத்தை நம்ப மனம் வராதவர்களுக்காக இதை வேறு விதமாகவும் சரிபார்க்கலாம். நான் யாருக்கு விளக்கினாலும் இந்த இடத்தில்தான் அவர்கள் தலையாட்டுவார்கள். அந்த ஒரு லட்சத்தை வைப்பில் போட்டு, அதிலிருந்தே மாதா மாதம் தவணையைக் கட்டிக்கொண்டு போவதாக நினையுங்கள். முதல் மாத முடிவில் வட்டியோடு 1,00,500. 4,700 எடுத்தால் 95,800. இரண்டாம் மாதம் வட்டி 479 சேர்ந்து 96,279. தவணை போக 91,579. இப்படியே இறங்கிக்கொண்டு வந்தால் 22ஆம் தவணை கட்டியதும் கணக்கில் 2,583 இருக்கும். 23ஆம் மாதம் அதோடு வட்டி 13 சேர்ந்தாலும் 4,700க்கு 2,104 குறையும். 24ஆம் தவணைக்குச் சல்லிக்காசு இருக்காது. அந்த இரண்டு மாதமும் சம்பளத்திலிருந்து போட வேண்டியதுதான். அந்தப் பற்றாக்குறையை இன்றைக்குக் கொண்டுவந்தால் அதே 6,045 வந்து நிற்கும்.

இப்போது 18 சதவீதக் கடன் வைத்திருப்பவரைப் பார்ப்போம். அவருடைய மாத விகிதம் 1.5 சதவீதம், காரணி 20.030, தவணைகளின் இன்றைய மதிப்பு 94,143. அவருக்குத் தவணைதான் லாபம். ஒரு லட்சத்தை எடுத்து விலையுயர்ந்த கடனை அடைத்துவிட்டு, இந்தப் பொருளுக்குத் தவணை கட்டுவது இன்றைய பணத்தில் 5,857 மிச்சப்படுத்தும். ஒரே கடை, ஒரே விலை, ஒரே சலுகை. இரண்டு பேருக்கு இரண்டு விடை. ஆகவே, “தவணை நல்லதா கெட்டதா” என்று பொதுவாகக் கேட்பவர்களுக்கு என்னால் பதில் சொல்ல முடிவதில்லை.

ஒரு நிபந்தனை உண்டு. ஒரு லட்சத்தால் கடனை உண்மையிலேயே அடைக்க வேண்டும். அடைக்காமல் கையில் வைத்துக் கரைத்துவிட்டால் 18 சதவீதக் கணக்கு அவருக்குப் பொருந்தாது.

படி 6: தவணைக்குள் ஒளிந்திருக்கும் வட்டியை வெளியே எடுங்கள்

உங்கள் விகிதம் எது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லையா? அப்போது கேள்வியைத் திருப்பிப் போடலாம். எந்த விகிதத்தில் தவணைகளின் இன்றைய மதிப்பு சரியாக 1,00,000 ஆகும்? அந்த விகிதம்தான் இந்த ‘வட்டியில்லாத்’ தவணையின் உண்மையான வட்டி.

இதற்கு நேரடிச் சூத்திரம் கிடையாது, முயன்று பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். 0.5 சதவீதத்தில் மதிப்பு 1,06,045 என்று தெரியும். 1 சதவீதத்தில் போட்டுப் பார்த்தால் 99,844. நமக்கு வேண்டிய 1,00,000 இரண்டுக்கும் இடையில், 1 சதவீதத்துக்கு மிக அருகில் இருக்கிறது. விகிதம் 0.5 ஏறினால் மதிப்பு 6,201 இறங்குகிறது. நாம் இறக்க வேண்டியது 6,045. ஆகவே 0.5 + 0.5 × 6,045 ÷ 6,201. ஏறக்குறைய 0.987. தாளில் இதைச் செய்ய மூன்று நிமிடம் ஆகும். கணினியில்:

```
=RATE(24, -4700, 100000)*12
```

விடை 11.84 சதவீதம். இதுதான் அந்தத் திட்டத்தின் ஆண்டு வட்டி. உங்கள் விகிதம் இதற்குக் கீழே இருந்தால் ரொக்கம், மேலே இருந்தால் தவணை. உங்கள் விகிதம் 6ஆ 7ஆ என்ற தடுமாற்றம் இப்போது முக்கியமில்லை. இரண்டுமே 11.84க்கு வெகு கீழே. உங்கள் விகிதம் 11, 12 என்று இதை ஒட்டியே நின்றால் இரண்டு வழிக்கும் பணத்தில் பெரிய வேறுபாடு இல்லை, வசதிப்படி செய்துகொள்ளலாம்.

பலர் இங்கே வேறு மாதிரிக் கணக்குப் போடுவார்கள்: ஒரு லட்சத்துக்கு 12,800 அதிகம், அதாவது 12.8 சதவீதம், இரண்டு ஆண்டுக்கு என்பதால் ஆண்டுக்கு 6.4. என் வைப்பு வட்டி 6தானே, கிட்டத்தட்ட சரிக்குச் சரி என்று முடித்துவிடுவார்கள். உண்மை விகிதம் இதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஏன்? ஒரு லட்சத்தையும் முழுதாக இரண்டு ஆண்டுகள் நீங்கள் வைத்திருக்கவில்லை. முதல் மாதமே திருப்பிக் கொடுக்கத் தொடங்கிவிடுகிறீர்கள். முதல் தவணை 1 மாதத்தில், கடைசித் தவணை 24 மாதத்தில், சராசரி 12.5 மாதம். 12.8 சதவீதத்தை 24ஆல் அல்ல, 12.5ஆல் வகுத்தால் மாதம் 1.02 வருகிறது. உண்மையான 0.987க்கு எவ்வளவு அருகில் என்று பாருங்கள். கடையில் நின்றபடி மனதிலேயே போட இந்தக் கணக்கு போதும்: தவணைகளின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டி இரண்டால் வகுத்தால் சராசரி மாதம். அதிகப்படியான சதவீதத்தை அந்த எண்ணால் வகுத்தால் மாத வட்டி. உண்மையைவிடச் சற்றே கூடுதலாகக் காட்டும், அவ்வளவுதான் பிழை.

விகிதத்தை ஓசையில்லாமல் ஏற்றும் மூன்று விஷயங்கள்

முதல் தவணையை இன்றே கட்டச் சொன்னால் 24 தவணைகளும் ஒரு மாதம் முன்னுக்கு வந்துவிடும். இன்றைய மதிப்பை 1.005ஆல் பெருக்க வேண்டும்: 1,06,576. வேறுபாடு 531தானே என்று தோன்றும். ஆனால் உண்மை வட்டியைப் பார்த்தால் 11.84இலிருந்து 12.9க்குத் தாவியிருக்கும். இன்றே 4,700 கொடுத்துவிடுவதால் உங்களுக்குக் கடனாகக் கிடைப்பது 95,300 மட்டும். அதிகப்படியான 12,800இல் ஒரு காசும் குறையவில்லை. எக்செலில் இதற்கென்று கடைசியாக ஒரு 1 சேர்க்க வேண்டும்:

```
=PV(0.005, 24, -4700, 0, 1)
```

இரண்டாவது, ப்ராசஸிங் கட்டணம். முதல் தவணை ஒரு மாதம் கழித்து என்றே வைத்து, இன்று 1,500 கட்டணம் என்றால் உண்மையில் கடனாகக் கிடைப்பது 98,500. RATE வரியில் 100000க்குப் பதில் 98500 போட்டால் ஆண்டு வட்டி 13.4 சதவீதம். ஒரு லட்சத்தில் ஒன்றரை சதவீதக் கட்டணம், ஆண்டு வட்டியை ஒன்றரைச் சதவீதம் ஏற்றிவிடுகிறது. பணம் கையில் இருக்கும் சராசரிக் காலம் ஓராண்டை ஒட்டி இருப்பதால் இப்படி அமைகிறது. தவணைக் காலம் 12 மாதமாகவோ 6 மாதமாகவோ இருந்தால் அதே கட்டணம் இன்னும் கடுமையாக ஏறும். சின்னக் கட்டணம், குறுகிய தவணை: இந்தக் கூட்டணி வந்தால் கட்டாயம் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மூன்றாவது, முன்கூட்டியே அடைப்பது. வழக்கமான கடனில் இடையில் பணம் வந்து மொத்தமாக அடைத்தால் மீதி மாதங்களின் வட்டி மிச்சமாகும். இந்த வகைத் தவணையில் வட்டி என்று தனியாக ஒன்று காகிதத்தில் இல்லை, ஆகவே குறைப்பதற்கும் ஒன்றும் இல்லாமல் போகலாம். 12ஆம் மாதம் மீதி 12 தவணைகளையும், அதாவது 56,400ஐ, அப்படியே கட்டச் சொன்னார்கள் என்று வையுங்கள். 12,800 அதிகப்படி மாறவில்லை, ஆனால் பணம் உங்களிடம் இருந்த காலம் சுருங்கிவிட்டது. உண்மை வட்டி 15.9 சதவீதத்துக்கு ஏறும். சீக்கிரம் கடனை அடைத்துவிட்டோம் என்ற நிம்மதிக்கு நல்ல விலை! இடையில் பணம் வர வாய்ப்பிருந்தால், முன்னதாக அடைத்தால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள். குறைக்க மாட்டோம் என்றால், வரும் பணத்தை வைப்பில் போட்டுவிட்டுத் தவணையை அதன் போக்கில் கட்டுவதே மேல்.

விடை சரிதானா என்று பார்க்க

இன்றைய மதிப்பு எப்போதும் தவணைகளின் வெறும் கூட்டுத்தொகையைவிடக் குறைவாக இருக்க வேண்டும். 1,12,800க்கு மேல் ஓர் எண் வந்தால் வகுக்க வேண்டிய இடத்தில் பெருக்கியிருக்கிறீர்கள்.

எண் மிகவும் சிறுத்துப் போனால் ஆண்டு விகிதத்தை மாத விகிதமாக மாற்ற மறந்திருப்பீர்கள். இதுதான் அடிக்கடி நடப்பது. 0.005க்குப் பதில் 0.06 போட்டால் 58,987 என்று வரும். அதை நம்பினால் தவணை பாதி விலைக்குக் கிடைப்பதுபோல் தெரியும், மகிழ்ச்சியாகக் கையெழுத்துப் போட்டுவிடுவீர்கள். சராசரி மாதத்தை வைத்து ஒரு சோதனை செய்தால் இது உடனே பிடிபடும்: 12.5 மாதம், மாதம் 0.5 சதவீதம், ஆக 6.25 சதவீதம். 1,12,800ஐ 1.0625ஆல் வகுத்தால் 1,06,165. சூத்திரம் தந்த 1,06,045க்கும் இதற்கும் நூற்றுச் சொச்சம்தான் வேறுபாடு. இரண்டும் ஆயிரக்கணக்கில் விலகினால் எங்கோ ஓர் எண் தவறியிருக்கிறது.

பேரம் பேச இந்த எண்ணைப் பயன்படுத்துவது

1,06,045 என்ற எண்ணுக்கு இன்னொரு பயனும் உண்டு. 6 சதவீதக்காரருக்கு, ரொக்கமாகக் கொடுக்கத் தகுந்த உச்ச விலை அதுதான். பட்டியல் விலை 1,12,800இலிருந்து 6,755க்கு மேல் தள்ளுபடி கிடைத்தால் ரொக்கம் லாபம். அதற்குக் கீழே என்றால் தவணை. விற்பவர் 4,000 மட்டும் தள்ளுபடி தந்து 1,08,800 கேட்டால், வட்டியில்லாத் தவணையை எடுத்துக்கொண்டு பணத்தை வைப்பில் விட்டு வைப்பதே சரி. இன்றைய பணத்தில் 2,755 மிஞ்சும். தள்ளுபடியே இல்லை, கட்டணமும் இல்லை என்றால் மட்டும்தான் அந்தத் தவணை உண்மையிலேயே வட்டியில்லாதது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி “தவணைக்கு வட்டி எவ்வளவு?” என்பதல்ல. “இன்றே முழுதாகக் கொடுத்தால் கடைசியாக எவ்வளவுக்குத் தருவீர்கள்?” என்று கேளுங்கள். தவணையைப் பற்றி வாய் திறக்கும் முன்பே கேட்டுவிடுவது இன்னும் நல்லது.

பணம் உங்களுக்கு வரும்போது

இதுவரை கொடுப்பவர் பக்கம் நின்றோம். ஒருவர் உங்களுக்குத் தர வேண்டிய பணத்தை, இன்று ஒரு லட்சமாகவோ 24 மாதம் 4,700 வீதமோ தருகிறேன் என்றால் கணக்கு அதேதான், முடிவு மட்டும் தலைகீழ். இன்றைய மதிப்பு எது அதிகமோ அதை எடுக்க வேண்டும். 6 சதவீதத்தில் தவணைகள் 1,06,045 பெறும். வாங்குபவருக்குத் தவணை நல்லது.

ஆனால் ஒரு விஷயம் அப்படியே திரும்பாது. நீங்கள் கொடுக்கும்போது 24 தவணைகளும் போகும் என்பது உங்களுக்கு நிச்சயம். வாங்கும்போது எதிர்த்தரப்பு 24 மாதமும் கொடுக்குமா என்பது நிச்சயமில்லை. அந்தச் சந்தேகத்துக்கு விகிதத்தை ஏற்றித்தான் விலை வைக்க முடியும். வைப்பு வட்டியான 6ஐ, அந்த ஆளுக்கு நீங்கள் கடன் கொடுப்பதானால் கேட்கும் வட்டியாக மாற்றுங்கள். அது 12 என்றால் மதிப்பு 99,844. இன்றைய ஒரு லட்சத்தை வாங்கிக்கொள்வதே மேல். எத்தனை தவணை வந்து நின்றுபோனால் நஷ்டம் என்றும் பார்க்கலாம். மேலே வைப்புக் கணக்கில் 22 தவணை கட்டியதும் 2,583 மிச்சம் இருந்தது அல்லவா? அதே எண் இங்கேயும் பேசுகிறது. 6 சதவீதத்தில் பார்த்தால், 23ஆம் தவணையும் கைக்கு வந்து சேர்ந்த பிறகுதான் தவணை வழி ஒரு லட்சத்தை முந்துகிறது. கடைசி இரண்டு தவணை வராவிட்டால் லாபம் மொத்தமும் போய்விடும்.